பொமோடோரோ முறையில் மாலைப் படிப்பு

பொமோடோரோ முறை என்பது நீண்ட படிப்பு நேரத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறுக்கும் இடையே குறித்த அளவு ஓய்வு விட்டுப் படிக்கும் முறையாகும். ஒரு கூறு தொடங்கும்போது நேரங்காட்டியை முடுக்கி, மணி ஒலிக்கும் வரை ஒரே வேலையில் ஈடுபடுவதும், மணி ஒலித்தவுடன் வேலையை நிறுத்துவதும் இதன் அடிப்படை. வழக்கமான அளவு 25 நிமிடப் படிப்பும் 5 நிமிட ஓய்வும் ஆகும். நான்கு கூறுகளுக்குப் பின் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு விடப்படும். மாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன் அமர்ந்தும் கவனம் நிலைக்காத மாணவருக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

இத்தாலியரான பிரான்செசுக்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், தாம் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இம்முறையை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய சமையலறை நேரங்காட்டி தக்காளி வடிவில் இருந்தது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. பெயர் அதிலிருந்தே வந்தது.

சிரில்லோ 25 நிமிடத்தில் தொடங்கவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. படிப்பில் மனம் ஒன்றாமல் இருந்த அவர், பத்து நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடியுமா என்று தம்மிடமே பந்தயம் கட்டிக்கொண்டார். அதிலும் உடனே வெற்றி பெறவில்லை என்று அவரே எழுதியுள்ளார். 25 என்ற எண் பல அளவுகளை முயன்று பார்த்த பின் நிலைபெற்றது. ஆகவே கவனம் சிதறும் மாணவர் முதல் நாளிலேயே 25 நிமிடத்தைப் பின்பற்ற முயன்று, தோற்று, முறையைக் கைவிடுவது தேவையற்றது.

இடைவேளையின் பயன்

ஒரே பணியில் நீண்ட நேரம் விழிப்புடன் இருப்பது கடினம் என்பது ஆய்வில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் என்னும் உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போன்ற ஒன்று சீராகத் துள்ளிச் செல்வதையும், எப்போதாவது இரட்டிப்புத் தொலைவு துள்ளுவதையும் இரண்டு மணி நேரம் கவனிக்குமாறு சிலர் பணிக்கப்பட்டனர். முதல் அரை மணி நேரத்திற்குப் பின் அவர்கள் தவறவிட்ட துள்ளல்கள் மிகுந்தன. கதிரலைக் கும்பா இயக்குநர்களின் பணியை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இது. பாடம் படிப்பதும் முள்ளைப் பார்த்திருப்பதும் ஒன்றல்ல என்பதால், இதிலிருந்து படிப்புக்கு நேரடியாக ஓர் எண்ணைப் பெற இயலாது.

படிப்புக்கு நெருக்கமான சான்று 2023இல் கிடைத்தது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவருள் ஒரு சாரார் தாம் விரும்பியபோது ஓய்வெடுத்தனர். மற்றொரு சாரார் 24 நிமிடம் படித்து 6 நிமிடம் ஓய்வெடுத்தனர். வேறொரு சாரார் 12 நிமிடம் படித்து 3 நிமிடம் ஓய்வெடுத்தனர். விரும்பியபோது ஓய்வெடுத்தவர்கள் நீண்ட நேரம் படித்து நீண்ட ஓய்வும் எடுத்தனர். ஆனால் களைப்பும் கவனச்சிதறலும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன. முடித்த வேலையின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. இடைவேளை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதே உதவுகிறது என்றும், அது 24 ஆயினும் 12 ஆயினும் பயன் கிடைக்கலாம் என்றும் இதைக் கொண்டு கருதலாம். "களைத்தால் எழுவேன்" என்று இருப்பவர், களைத்ததா இல்லையா என்பதை ஒவ்வொரு நிமிடமும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அத்தீர்மானமே ஒரு கவனச்சிதறலாகிவிடும்.

கூறின் அளவைக் கண்டறிதல்

கூறின் நீளத்தை மாணவரே அளந்து பெறுவது நல்லது. இதற்கு இரண்டு மாலைகள் போதும். படிக்க அமர்ந்த நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். மனம் பாடத்தை விட்டு அகன்றுவிட்டது என்று உணரும்போது, அந்த நேரத்தையும் குறித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இவ்வாறு குறித்ததில் 9, 14, 16, 17, 22 நிமிடங்கள் கிடைத்தன எனக் கொள்வோம். இவற்றின் நடு மதிப்பு 16. அதற்குச் சற்றுக் குறைவாக 15 நிமிடத்தை அவர் தம் கூறாகக் கொள்ளலாம். கவனம் சிதறுவதற்குச் சற்று முன்பே மணி ஒலிக்க வேண்டும் என்பதே இக்குறைப்பின் நோக்கம்.

நேரங்காட்டியாகக் கைப்பேசியைப் பயன்படுத்துவது எளிதாகத் தோன்றும். எனினும் ஒவ்வொரு மணிக்கும் கைப்பேசியைக் கையில் எடுக்க நேர்வதால், விலக்க விரும்பிய பொருளையே அது அருகில் கொண்டுவருகிறது. முடுக்கு நேரங்காட்டியோ, அலாரம் வைக்கக்கூடிய பழைய மேசைக் கடிகாரமோ மேலானது.

ஒரு மாலையின் எடுத்துக்காட்டு

மேற்கூறிய மாணவிக்கு மாலை 6:30 முதல் 9:00 வரை, அதாவது 150 நிமிடம் உள்ளது. 15 நிமிடப் படிப்பும் 5 நிமிட ஓய்வுமாக நான்கு கூறுகள் 6:30, 6:50, 7:10, 7:30 ஆகிய நேரங்களில் தொடங்கும். நான்காவது கூறு 7:45க்கு முடிந்தபின் 20 நிமிட நீண்ட ஓய்வு. பின்னர் 8:05, 8:25, 8:45க்கு மூன்று கூறுகள். மொத்தம் ஏழு கூறுகளில் 105 நிமிடப் படிப்பும் 45 நிமிட ஓய்வும் அமைகின்றன. 45 நிமிடம் வீணாவதாகப் பெற்றோருக்குத் தோன்றலாம். இடைவேளையின்றி அமர்ந்திருந்த மாலையில் உண்மையாகப் படித்த நேரம் எவ்வளவு என்பதையும் முன்சொன்ன தாளில் இருந்து கணக்கிட்டு ஒப்பிடுவதே அதற்கு முறையான விடை.

தொடங்கும் முன் வேலைகள் எழுதப்படுகின்றன: குழியாடிக் கணக்குகள் ஆறு, இரண்டு கூறு, வேதியியலில் ஒரு பகுதி, இரண்டு கூறு, கணிதம், இரண்டு கூறு, கடைசிக் கூறில் அன்று படித்தவற்றைப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுதல். "இயற்பியல் படித்தல்" என்று மட்டும் எழுதினால் எப்போது முடிந்தது என்று தெரியாது. மணியை எதிர்நோக்கிப் பக்கங்களைப் புரட்டுவதில் அக்கூறு கழிந்துவிடும்.

முதல் கூறில் வேறு எண்ணங்கள் நான்கு முறை குறுக்கிடுகின்றன: நாளைய சீருடை, தோழிக்குச் சொல்ல வேண்டிய செய்தி முதலியன. ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் ஒரு சிறு கோடு இட்டு, மறக்கக்கூடாதது எனில் ஒரு சொல்லில் குறித்துவிட்டுக் கணக்கிற்குத் திரும்புகிறார். எண்ணத்தை அடக்க முயல்வதைவிட எழுதி ஒத்திவைப்பது எளிது. மணி ஒலித்தபோது ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. எழும் முன் "அடுத்து u = −30, f = −15 இட்டு v காண்க" என்று ஒரு வரி எழுதி வைக்கிறார். இந்த வரி இல்லாவிடில், திரும்பி வரும்போது கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். கூறுகளாகப் பகுப்பதால் ஏற்படும் முதன்மையான இழப்பு இதுவே.

இரண்டாம் கூறில் இரண்டு கோடுகள். மூன்றாம் கூறில் 7:17க்குத் தோழியின் அழைப்பு வருகிறது. அதை ஏற்று ஆறு நிமிடம் பேசுகிறார். சிரில்லோவின் விதிப்படி ஒரு கூறு பிரிக்க முடியாதது. இடையில் முறிந்தால் அது செல்லாது, எஞ்சிய நிமிடங்களைப் படித்து அதனை நிறைவு செய்தல் கூடாது. இவ்விதி கடுமையாகத் தோன்றினாலும், முறிவின் விலையைத் தாளில் கண்கூடாகக் காட்டுவது இதுவே. அவர் அக்கூறினை அடித்துவிட்டு 7:30க்கு நான்காம் கூறினைத் தொடங்கி, எஞ்சிய கணக்குகளை முடிக்கிறார். வேதியியல் ஐந்தாம், ஆறாம் கூறுகளுக்குத் தள்ளப்படுகிறது. கணிதம் மறுநாளைக்குச் செல்கிறது.

அன்றைய தாள் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஆறு கணக்குகளுக்கு இரண்டு கூறு என்ற மதிப்பீடு குறைவு, உண்மையில் மூன்று தேவைப்பட்டது. அடுத்து, அழைப்பு ஒன்றால் 15 நிமிடப் படிப்பு இல்லாமற்போனது. ஒரு வாரத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், கோடுகள் எந்நேரத்தில், எப்பாடத்தில் மிகுகின்றன என்பதும் புலப்படும். தொடர்ந்து மூன்று மாலைகளில் கூறுக்கு ஒரு கோட்டிற்கு மேல் விழாவிடில் கூறினை 20 நிமிடமாக நீட்டிப் பார்க்கலாம். கோடுகள் மீண்டும் பெருகினால் பழைய அளவிற்கே திரும்பலாம்.

வீட்டாரின் குறுக்கீடுகளைப் பொறுத்தவரை இம்முறைக்கு ஒரு வசதி உண்டு. கடைக்குச் சென்று வருமாறு அம்மா கேட்டால், "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதைவிட "7:45க்குப் போய் வருகிறேன் அம்மா" என்பது ஏற்கப்பட வாய்ப்பு மிகுதி. சொன்ன நேரத்திற்குப் போனால்தான் மறுமுறையும் அது செல்லுபடியாகும்.

முறை பிழைபடும் இடங்கள்

பெரும்பாலும் இம்முறை கெடுவது படிப்பில் அன்று, ஓய்வில்தான். ஐந்து நிமிட ஓய்வில் காணொளி பார்க்கத் தொடங்கினால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கும். அதற்கு இயல்பான முடிவு கிடையாது. ஓய்வில் செய்வது தானாக முடிவதாக இருத்தல் வேண்டும்: தண்ணீர் குடித்தல், மாடிக்குச் சென்று திரும்புதல், காய்ந்த துணிகளை மடித்தல் போன்றவை. புதிய எண்ணங்களைக் கிளப்பும் உரையாடலும் செய்தி வாசிப்பும் நீண்ட ஓய்வுக்கே உரியன. இச்சிக்கல் உள்ளதா என்பதை அறிய, ஒவ்வொரு கூறும் தொடங்க வேண்டிய நேரத்தையும் தொடங்கிய நேரத்தையும் அருகருகே எழுதினால் போதும். 7:10 என்பது 7:19 ஆகியிருந்தால் குறை ஓய்வில் உள்ளது.

வேறொரு பிழை, வேலை விரைவில் முடிந்ததும் எஞ்சிய நிமிடங்களில் எழுந்துவிடுவது. அந்நேரத்தை முடித்த கணக்குகளைச் சரிபார்க்கப் பயன்படுத்துமாறு சிரில்லோ கூறுகிறார்.

எல்லைகள்

எல்லா வேலைக்கும் இம்முறை பொருந்துவதில்லை. கட்டுரை எழுதுவதில் மனம் நன்கு ஒன்றியிருக்கும்போது ஒலிக்கும் மணி இடையூறாகலாம். அத்தகைய வேலைக்கு நீண்ட கூறு வைத்துக்கொள்வது தகும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர், 15 நிமிடக் கூறுகளில் மட்டுமே பழகினால் தேர்வறையில் இடர்ப்படக்கூடும். எனவே தேர்வு நெருங்கும் வாரங்களில் முழு மாதிரித் தேர்வுகளை இடைவேளையின்றி எழுதிப் பழக வேண்டும்.

தூக்கக் குறைவினால் வரும் கவனச்சிதறலை இடைவேளைகள் நீக்கமாட்டா. எவ்வளவு சிறிய கூறிலும் கோடுகள் குறையாமல் இருந்து, வகுப்பறையிலும் வீட்டு வேலையிலும் இதே நிலை பல மாதங்களாகத் தொடருமாயின், அது கவனக் குறைபாடு சார்ந்த கோளாறாகவோ பார்வைக் குறையாகவோ இருக்கலாம். அந்நிலையில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். இரு வாரத் தாள்களை உடன் எடுத்துச் சென்றால், கவனம் எப்போது, எவ்வளவு நேரத்தில் சிதறுகிறது என்பதை அவருக்கு விளக்குவது எளிதாகும்.