தானியங்கி கியர்பெட்டிகளும் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையும்

கிளட்ச் மிதி இல்லாத கார்களில் பரவலாக இருக்கும் கியர்பெட்டிகளில் மூன்று: டார்க் கன்வெர்ட்டர், இரட்டைக் கிளட்ச் (டி.சி.டி.), தொடர்மாறு விகிதப் பெட்டி (சி.வி.டி.). சமவெளியில் இவற்றின் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு 1,400 மீட்டருக்கு மேல் ஏறும் சாலையில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

இணைப்பின் தன்மை

எஞ்சினையும் சக்கரத்தையும் எது இணைக்கிறது என்பதே வேறுபாட்டின் வேர். டார்க் கன்வெர்ட்டரில் எதிரெதிரே இரண்டு விசிறிகள் இருக்கும். எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயை வீச, அந்த வீச்சில் மற்றது சுழலும். இடையே இரும்புப் பிடிப்பு இல்லாததால் வண்டி வெண்ணெய்போல் நகரும். வேகம் கூடியபின் உள்ளிருக்கும் பூட்டுக் கிளட்ச் இரண்டையும் இறுக்கிவிடும்.

இரட்டைக் கிளட்ச், மேனுவல் கியர்பெட்டியின் நெருங்கிய உறவு. 1, 3, 5 கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6 கியர்களுக்கு இன்னொன்று. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக நிற்பதால் மாற்றம் கண் இமைப்பதற்குள் முடியும். வோல்க்ஸ்வேகன் 2003-இல் இதைச் சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்தது.

சி.வி.டி.யில் படிப்படியான கியர்களே இல்லை. விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளுக்கு இடையே உலோக பெல்ட் ஓடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட் செய்யும் வேலைதான் இது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதலில் எஞ்சின் சத்தம் உயரும். வண்டியின் வேகம் அதைப் பின்தொடரும்.

ஏற்றம்

கோடை சீசனில் இந்த ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக ஊர்வதுண்டு. இங்கே கவனிக்க வேண்டிய எண் மணிக்கு 7 கி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓட, முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்த ஒரு சாதாரண கார் ஏறத்தாழ இந்த வேகத்தில் போகும். வரிசையோ நடைவேகத்தில், மணிக்கு 4 அல்லது 5 கி.மீ.யில் நகர்கிறது. அந்த வித்தியாசத்தை டி.சி.டி.யின் கிளட்ச் தட்டுகள் உரசித்தான் ஈடுகட்ட வேண்டும். எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்றால் அந்த உரசலின் சூடு வேகமாக ஏறும். முதலில் கிளம்பும்போது நடுக்கம் வரும். பிறகு கருகல் வாடை. அதன்பின் சூடு எச்சரிக்கை. பெரும்பாலான வண்டிகள் ஓரமாக நிறுத்தி, ‘பி’யில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடச் சொல்லும்.

எனவே முன்வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டு நகரக் கூடாது. பிரேக்கில் நின்று, இரண்டு மூன்று வண்டி நீளம் இடம் விழுந்தபின் தயங்காமல் கிளம்பி, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்துக்குப் போய், மறுபடி பிரேக்கில் நிற்க வேண்டும். சரிவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டர் இந்த ஊர்தலைப் பொறுத்துக்கொள்ளும். வழுக்கலில் பிறக்கும் சூடு எண்ணெயில் இறங்கிக் குளிர்விப்பானுக்குப் போய்விடும். கிளம்பும்போது எஞ்சினின் திருப்புவிசையை இது சுமார் இரு மடங்காக்கித் தருவதால் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்புவதும் எளிது. வளைவுக்குள் திடீரென அழுத்தினால் கியர் இறங்க ஒரு கணம் பிடிக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே மிதியைச் சற்று அழுத்தி வைப்பது நல்லது.

சி.வி.டி.யில் மிதியை மேலும் அழுத்துவதால் பல நேரம் சத்தம்தான் கூடும். எஞ்சின் ஒரு சீரான சுற்றில் நிற்கும் அளவுக்கு மிதியைப் பிடித்துக்கொண்டால் வண்டி தானே விகிதத்தைத் தேர்ந்துகொள்ளும். நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடானால் சில வண்டிகள் இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

இறக்கம்

1,300 கிலோ எடையுள்ள கார் 1,400 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்காவிட்டால் பிரேக்தான் தாங்க வேண்டும். மிதி மெத்தென்று ஆழமாகப் போவதும், எரிந்த வாடையும் பிரேக் தளர்வதற்கான அறிகுறிகள்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்ற மலை ஓட்டுநர்களின் பழைய விதி மூன்றுக்கும் பொருந்தும், செய்முறைதான் மாறுகிறது. டி.சி.டி.யில் கைமுறை நிலைக்குப் போய் இரண்டாம் கியரைப் பிடித்தால் மேனுவல் வண்டிபோல் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். டார்க் கன்வெர்ட்டரிலும் இதையே செய்யலாம். வேகம் மிகக் குறைந்து பூட்டு விடுபட்டால் பிடிப்பு தளரும். சி.வி.டி. ‘டி’யில் எரிபொருளைச் சேமிக்க எஞ்சின் சுற்றைக் குறைத்துவைக்கப் பார்க்கும், அதனால் வண்டி முந்திக்கொண்டு ஓடுவதுபோல் தோன்றும். ‘எஸ்’ அல்லது ‘எல்’ நிலைக்கு மாற்றினால் சுற்று உயர்ந்து, இழுப்பு கிடைக்கும். எந்தப் பெட்டியானாலும் இறக்கத்தில் ‘என்’னில் உருட்டக் கூடாது.