செவிக்கு எழுதிய வரி: சமுதாய வானொலிச் செய்தி வாசகத்தின் வளர்ச்சி

சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்ட காலத்தில், செய்தி என்பது டில்லியில் ஆங்கிலத்தில் தொகுக்கப்பெற்று, பின்னர் ஒவ்வொரு பாஷையிலும் பெயர்க்கப்பெற்று வாசிக்கப்படும் ஒரு வாசகமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் வினை முன்னே வந்து, காரணமும் இடமும் காலமும் பின்தொடர, தமிழிலோ அவையெல்லாம் முன்னே அடுக்கப்பட்டு, வினை கடைசியில் வந்து நிற்கும். ஆகவே ஒரு நீண்ட ஆங்கில வாக்கியத்தை அப்படியே தமிழாக்கினால், கேட்பவர் என்ன நடந்தது என்று தெரியாமல் இறுதிச் சொல் வரையில் காத்திருக்க நேரும். பத்திரிகை வாசகனுக்கு இது பெரிய குறை அன்று. அவன் கண் பின்னோக்கிச் செல்லலாம். செவிக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

இந்தப் பழைய வாசகத்திலிருந்து விலகி, சிறு சிறு வரிகளாக எழுதும் முறை சமுதாய வானொலியில் வேரூன்றியதற்கு, நடையைப் பற்றிய சிந்தனையைவிடச் சட்டத்தின் நிர்ப்பந்தமே முதற் காரணம் என்பது என் அபிப்பிராயம். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தரும் கொள்கை 2002இன் இறுதியில் வந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஆயினும், செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாகாது என்ற தடை கூடவே வந்தது. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர் மின்சார அறிவிப்பு, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை முதலியவை செய்தியாகக் கருதப்படா என்று பின்னர் விளக்கம் தரப்பட்டமையால், உள்ளூர்ச் செய்தியறிக்கை அந்த வகைகளுக்குள்ளேயே உருப்பெற்றது. இவை யாவும், கேட்டவர் உடனே ஏதேனும் செய்யவோ செய்யாதிருக்கவோ வேண்டிய விஷயங்கள்; ஆகவே சிறு வரியே இவற்றுக்குப் பொருந்தியது. சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வாழும் அயலார்க்கே இவை சொல்லப்படுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

பாம்பனில் 2016இல் தோன்றிய கடல் ஓசை போன்ற நிலையங்களைக் கேட்கும் கரையோர மக்களை நினைத்து, எச்சரிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலக அறிவிப்பு வழக்கமாக இப்படி இருக்கும்: “மன்னார் வளைகுடா மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால், மேற்கண்ட பகுதிகளுக்கு நாளை மீனவர்கள் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்.” இதில் உயிரான சொல் ‘வேண்டாம்’ என்பது. தமிழில் எதிர்மறை வினையின் வாலில் ஒட்டிக்கொள்வதால், படகின் இயந்திர ஓசையோ அலையின் இரைச்சலோ அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், ‘மீனவர்கள் செல்ல’ என்பது மட்டுமே செவியில் எஞ்சும். இதையே நேரலைக்கு எழுதுவோர் இவ்வாறு பிரிப்பர்:

மீனவர்களுக்கு எச்சரிக்கை.
வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வேண்டாம்.
மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசக்கூடும்.
குமரிக்கடலிலும் வீசக்கூடும்.
வேகம், மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரை.
சில நேரம் அறுபத்தைந்தைத் தொடலாம்.
மீண்டும் சொல்கிறோம்.
வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வேண்டாம்.

யாருக்கு என்பது முதலில் வருவதால், அடுப்படியில் இருப்பவரும் காதைத் திருப்ப ஓர் அவகாசம் கிடைக்கிறது. ஒரு வரி ஒரே மூச்சில் முடிகிறது. எண் எழுத்தால் எழுதப்படுவதால், வாசிப்பவர் இலக்கத்தைக் கண்டு தயங்குவதில்லை. ‘நாளை’ என்பது கிழமையாக மாற்றப்பட்டதற்கு அனுபவமே காரணம்: மாலையில் வாசித்த தாளை மறுநாள் காலையிலும் எடுத்து வாசிப்பது சிறு நிலையங்களில் சகஜம், அப்போது ‘நாளை’ பொய்யாகிவிடும்.

இந்தச் சுருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. வரியைக் குறுக்கும் ஆர்வத்தில் ‘வீசக்கூடும்’ என்பதை ‘வீசும்’ என்று எழுதிவிட்டால், முன்கணிப்பு தீர்ப்பாக மாறுகிறது. காற்று வீசாத வெள்ளிக்கிழமைக்குப் பின் அடுத்த எச்சரிக்கையை ஒருவரும் பொருட்படுத்தார். மேலே 45 என்னும் கீழ்வரம்பை விட்டது தகும், ஏனெனில் அதனால் மீனவரின் தீர்மானம் மாறாது. ‘கூடும்’ என்பதை விடுவது தகாது. எதை விடலாம், எதை விடலாகாது என்பதைத் தாளைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. எழுதியவரே உரக்க வாசிக்க, மற்றொருவர் தாளைப் பாராமல் கேட்டு, தாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.