‘கிரிட்டிகல்’ மலையேறிய கதை

பல்லியைச் சூடாக்கி எந்த வெப்பநிலையில் அது நிலைகுலைகிறது என்று அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு ‘கிரிட்டிகல் தெர்மல் மேக்சிமம்’ என்று பெயர். ஆய்வகங்களில் ‘சி.டி. மேக்ஸ்’ என்பார்கள். வெப்பம் கூடக்கூட எந்த உயிர் மலையில் எவ்வளவு மேலே நகரும் என்று கணிக்கும் வரைபடங்கள் பலவற்றுக்கு அடியில் இந்த எண் இருக்கிறது. அதனால் பெயரின் பிறப்பைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

வேர் கிரேக்கம். ‘கிரினெயின்’ என்றால் பிரித்தறிதல், தீர்ப்புச் சொல்லுதல். அதிலிருந்து வந்த ‘கிரிசிஸ்’ பழைய வைத்தியர்களின் சொல். நோயாளி பிழைப்பானா மாட்டானா என்பது முடிவாகும் திருப்பத்தை அது குறித்தது. 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் அதன் வழிவந்த சொல்லை இயற்பியலில் கையாண்டார். கார்பன் டைஆக்சைடை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியவில்லை. அந்த வெப்பநிலையை ‘கிரிட்டிகல்’ என்றார். நம் பாடநூல்களில் ‘மாறுநிலைக் கோணம்’ என்று வருகிறதே, அந்த ‘மாறுநிலை’ இதற்கும் பொருந்தும்.

பல்லிக்கு இந்த அடைமொழியைச் சூட்டியவர்கள் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் இருவரும். கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் பாலைவன ஊர்வனவற்றை வெயிலில் வைத்து, விரைவாகக் காட்டும் வெப்பமானியால் உடல் வெப்பத்தை அளந்து, 1944இல் வெளியிட்டார்கள். அவர்கள் தந்த வரையறை கூர்மையானது: எந்த வெப்பநிலையில் விலங்கின் நடமாட்டம் ஒழுங்கு குலைந்து, தன்னைச் சாகடிக்கப்போகும் இடத்திலிருந்து தப்பியோடும் திறனை அது இழக்கிறதோ, அதுவே எல்லை. அந்த நொடியில் பல்லி சாகவில்லை. நிழலில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நிழலுக்குத் தானே போக அதனால் முடியாது. வைத்தியர்களின் பழைய பொருள் இங்கே திரும்பி வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தவர்களிடம் பெயர் ஒன்றாக இருக்க, அளவை பிரிந்தது. ஒரு சாரார் விலங்கை மல்லாக்கப் போட்டு, அது புரண்டெழ முடியாத புள்ளியைக் குறித்தார்கள். மற்றவர்கள் தசை வலிப்பு தொடங்கும் புள்ளியைக் குறித்தார்கள். இது சற்று அதிக வெப்பத்தில் வருவது. சூடேற்றும் வேகமும் எண்ணை மாற்றும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றினால் ஒரு விடை, மணிக்கணக்கில் மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விடை, ஏனென்றால் வெப்பத்தின் சேதம் நேரத்தோடு சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே இரண்டு ஆய்வுகளின் சி.டி. மேக்ஸை ஒரே பட்டியலில் போடுபவர் இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

இந்த எல்லை ஒரு வளைவின் வலது முனை. உடல் வெப்பம் ஏற ஏற ஓட்டவேகம் மெதுவாகக் கூடி, உச்சம் தொட்டு, பிறகு செங்குத்தாகச் சரியும். உச்சத்துக்கும் எல்லைக்கும் இடைவெளி குறைவு என்பதே இதில் உள்ள ஆபத்து.

மலைக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். ஒரு டிகிரி சூடேறினால் பழைய குளுமையைத் தேடி ஏறத்தாழ 154 மீட்டர் ஏற வேண்டும். கணக்கு எளிது, பல்லிதான் அதற்குக் கட்டுப்படவில்லை. பாரி சினெர்வோவும் உடனிருந்தவர்களும் மெக்சிகோவில் செலோபோரஸ் பேரினப் பல்லிகள் முன்பு பதிவான 200 இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். 2009 அளவில் 12 சதவீத இடங்களில் அவை இல்லை. 2010இல் வெளியான அந்த ஆய்வு, சாகடிக்கும் வெப்பத்தைக் காரணமாகக் காட்டவில்லை. பல்லி போன்ற மாதிரிகளில் வெப்பமானி பொருத்தி வெயிலில் வைத்தபோது தெரிந்தது வேறு: இனப்பெருக்கப் பருவத்தில் ஒரு நாளில் சுமார் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வர முடியாமல் ஒதுங்கிய இடங்களில்தான் அவை அழிந்திருந்தன. ஒதுங்கிய பல்லிக்கு இரை இல்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் வேண்டிய ஊட்டம் தாய்க்குச் சேர்வதில்லை. எல்லையைத் தொடுவதற்கு வெகுமுன்பே அந்தக் கூட்டம் தேய்ந்துவிடுகிறது.

போகர்ட்டின் பெயரே இப்போது இன்னொரு கலைச்சொல். இடம் மாறி உட்கார்ந்து உடல் வெப்பத்தைச் சரிசெய்யும் விலங்கின் மேல் இயற்கைத் தேர்வின் அழுத்தம் குறைகிறது என்பதை ‘போகர்ட் விளைவு’ என்கிறார்கள். ஹிஸ்பானியோலா தீவின் அனோலிஸ் பல்லிகளில் மார்த்தா முன்யோஸ் இதைப் பார்த்தார். மலையுச்சியில் இருப்பவை மரத்தை விட்டுச் சூடான பாறைகளில் வெயில் காய்கின்றன. அதனால் அடிவாரத்திலும் உச்சியிலும் மேல் எல்லை ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கிறது. குளிரைத் தாங்கும் கீழ் எல்லை மட்டும் உயரத்துக்கேற்ப இறங்கியிருக்கிறது. ஏனென்றால் இரவில் ஒதுங்கச் சூடான இடம் எங்கும் இல்லை.