பாவையும் விளக்கும் திரையும்: தோற்பாவை நிழற்கூத்தின் வரலாற்றுச் சான்றுகளை வரையறுத்தல்

முன்னுரை

காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும் நாள்களில், இரவில் ஆடப்பெறும் தெருக்கூத்தில் முதன்மைப் பாத்திரங்கள் ஒரு துணித்திரையின் பின்னிருந்தே அறிமுகமாகின்றன. இருவர் திரையைக் கையில் பிடித்து நிற்பர். வேடமணிந்தவர் திரைக்குப் பின்னே நின்று பாடித் தம்மை அறிவித்த பின்னர்த் திரை விலகும். கூத்து, திரை, இரவு, விளக்கு ஆகிய நான்கும் இங்கே உள்ளன. ஆயினும் இது நிழற்கூத்து அன்று. இத்திரை ஆடுபவரை மறைப்பதற்கு உரியது. நிழற்கூத்தின் திரையோ காட்சி நிகழும் இடமாகும்.

எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, தோற்பாவை நிழற்கூத்தின் வரலாறு எழுதப்படும்போது பல வேளைகளில் கவனிக்கப்படுவதில்லை. பழைய நூல்களில் ‘பாவை’ என்ற சொல் வரும் இடங்களெல்லாம் நிழற்கூத்தின் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. தோல், பின்னிருந்து வரும் ஒளி, அவ்வொளியை ஏற்கும் திரை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒரு குறிப்பை நிழற்கூத்துக்குரிய சான்றாகக் கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இன்றும் தமிழில் நிகழும் இரு மரபுகளின் செயல்முறையிலிருந்து இவ்வளவுகோல் பெறப்படுகிறது.

சொல் தரும் சான்றும் அதன் எல்லையும்

திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்து இறுதிக்குறள் (1020) மரப்பாவையைக் கயிற்றால் இயக்குவதை உவமையாக்குகிறது. பாவை மரத்தாலானது, இயக்கும் கருவி கயிறு. ஆகவே இது பொம்மலாட்டத்திற்கு உரிய தெளிவான சான்று. இதிலிருந்து நிழற்கூத்தைப் பெற வழியில்லை.

திருவாசகத்தின் ஆனந்தமாலைப் பகுதி இதனினும் நெருங்கி வருகிறது. மாணிக்கவாசகர் தம் நிலையைத் தோலாலான பாவையின் கூத்தாட்டத்திற்கு ஒப்பிட்டு, சுழன்று வீழ்ந்து கிடப்பதாகக் கூறுகிறார். தோற்பாவையைக் கூத்தாட்டிய வழக்கம் அவர் காலத்தில் இருந்ததென்பதற்கு இது சான்றாகிறது. ஆனால் விளக்கும் திரையும் இங்குக் குறிக்கப்பெறவில்லை. தோலால் செய்த பாவையை நேர்முகமாகவும் ஆட்டிக் காட்டலாம். எனவே மூன்று கூறுகளுள் ஒன்றையே இக்குறிப்பு உறுதிசெய்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மறுபுறத்திலிருந்து உதவுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளை அது கூறுகிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகளை அமைத்ததையும் குறிப்பிடுகிறது. விளக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து நிழல் எங்கே விழும் என்ற நுண்ணறிவு அக்கால அரங்கக் கலைஞரிடம் இருந்தது என்பது இதனால் விளங்கும். எனினும் அவ்வரங்கில் நிழல் நீக்கப்பட வேண்டிய குறை. திரையும் விளக்கும் சேர்ந்து இருந்தும் இது நிழற்கூத்துக்குச் சான்றாகாமைக்கு இதுவே காரணம்.

மூன்று கூறுகளும் ஒருங்கே அமைந்த விளக்கம் தமிழ் நூலில் அன்றி, மகாபாரதத்திற்கு 17ஆம் நூற்றாண்டில் நீலகண்டர் எழுதிய வடமொழி உரையில் காணப்படுகிறது. சாந்தி பருவத்தில் வரும் ‘ரூபோபஜீவனம்’ என்ற சொல்லுக்கு உரை கூறுமிடத்து, தென்னாட்டில் ‘ஜலமண்டபிகா’ என வழங்கும் கலையை அவர் சுட்டுகிறார். மெல்லிய துணியை இடையிட்டுத் தோலுருவங்களால் அரசர், அமைச்சர் முதலியோரின் செயல்கள் காட்டப்பெறும் என்பது அவர் தரும் விளக்கம். மூலத்தில் உள்ள சொல் பழையது. விளக்கமோ உரையாசிரியர் காலத்தது. ஆகவே இதனை மகாபாரத காலச் சான்றாகக் கொள்ளாமல், 17ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டு வழக்குக்கு உரிய சான்றாகக் கொள்வதே முறை.

நிழல் உருவாகும் முறை

மூன்று கூறுகளையும் ஏன் பிரிக்க இயலாது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். திரையிலிருந்து 60 செ.மீ. பின்னே, 1 செ.மீ. அகலமுள்ள சுடருடன் ஓர் எண்ணெய் விளக்கு இருப்பதாகக் கொள்வோம். பாவை திரையிலிருந்து 1 செ.மீ. தொலைவில் இருந்தால், நிழலின் விளிம்பில் தோன்றும் மங்கல் ஏறத்தாழ 0.17 மி.மீ. மட்டுமே, கண்ணுக்கு விளிம்பு கூர்மையாகவே தெரியும். அதே பாவையை 10 செ.மீ. பின்னுக்கு இழுத்தால் மங்கல் 2 மி.மீ. ஆகிறது; நிழலும் 1.2 மடங்கு பெரிதாகிறது. பாவையின் அணிகலன்களையும் ஆடை மடிப்பையும் காட்டுவதற்குக் குத்தப்பட்ட துளைகள் 2 மி.மீ. அளவின எனில், அவை இந்நிலையில் தம் வடிவத்தை இழந்துவிடும்.

இப்போது சுடருக்கு மாற்றாக 5 செ.மீ. அகலமுள்ள ஒளிமூலம் ஒன்றை வைத்தால், பாவை 10 செ.மீ. தொலைவில் உள்ளபோது மங்கல் 10 மி.மீ. ஆகிறது. முகத்தின் மூக்கும் உதடும்கூடப் பிரிந்து தெரியா. எனவே விளக்கு மாறினால் பாவையை ஆட்டும் முறையும் மாறியாக வேண்டும். பெரிய ஒளிமூலத்தின் முன் பாவையைத் திரையோடு ஒட்டியே பிடிக்க வேண்டும். எண்ணெய் விளக்கிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் பின்னர் மின்விளக்குக்கும் ஆட்டக்காரர் மாறியதை வெளிச்ச அளவின் மாற்றமாக மட்டும் பதிவு செய்யும் ஆய்வுகள் இவ்விளைவைத் தவறவிடுகின்றன. களப்பணியில் விளக்கின் அகலம், திரைக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட தொலைவு, பாவை திரையை விட்டு விலகும் தொலைவு ஆகிய மூன்றையும் அளந்து எழுதுவது இன்றியமையாதது.

தமிழ் வழங்கும் இரு மரபுகள்

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்தை நிகழ்த்துவோர் மண்டிகர் எனப்படும் பிரிவினர். வீட்டில் மராத்தியும் கூத்தில் தமிழும் பேசும் இவர்கள், தம் முன்னோரின் வருகையைத் தஞ்சை மராத்தியர் ஆட்சியுடன் (1676–1855) இணைத்துக் கூறுவர். மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் ஆகியோரின் ஆய்வுகள் இம்மரபை விரிவாக அறியத் துணைசெய்கின்றன. பாவைகள் ஆட்டுத்தோலால் ஆனவை. தோலை ஊறவைத்து மயிர் நீக்கிச் சுரண்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி உலர்த்துவர். பின்னர் உருவெழுதித் துளையிட்டு வண்ணம் தீட்டுவர். திரையில் தெரிவது கரிய நிழல் அன்று, வண்ண உருவம். ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். இராமாயணக் கதைக்கு இடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்கள் வந்து பார்வையாளரின் பேச்சுத் தமிழிலேயே உரையாடுவர்.

கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் நிகழும் மரபு வேறுபட்டது. இங்குப் பகவதி கோயிலைச் சார்ந்து கூத்துமாடம் என்னும் தனிக் கட்டடம் உண்டு. ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரியும். பாடப்பெறுவன பெரும்பாலும் கம்பராமாயணப் பாடல்கள். அவற்றுக்கு நீண்ட உரை கூறப்படும். பாவைகள் மரபாக மான்தோலால் ஆனவை, ஒளி ஊடுருவாதவை. ஆகவே திரையில் கரிய உருவமும் துளைகளின் வழியே வரும் ஒளிக்கோடுகளுமே தெரிகின்றன. தாரிகனுடன் போரிட்டிருந்தமையால் இராவண வதத்தைக் காண இயலாத பத்திரகாளிக்கு அதனைக் காட்டவே இக்கூத்து நிகழ்கிறது என்பது தொன்மக் கதை. மனிதப் பார்வையாளர் மிகக் குறைவாகவோ எவரும் இல்லாமலோ இரவு முழுவதும் கூத்து நடைபெறுவதை ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மேற்கண்ட கணக்கை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். 21 விளக்குகள் வரிசையாக எரியும்போது, திரையை விட்டு விலகிய பாவைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிழல்கள் தோன்றும். தெளிவான ஓருருவம் வேண்டுமெனில் பாவை திரையோடு படிந்தே இருக்க வேண்டும். பாவைகளைத் திரையில் முள்ளால் குத்தி நிறுத்திவிட்டு, அசைவு குறைந்த நிலையில் நெடுநேரம் உரை நிகழ்த்தும் முறை இவ்வொளி அமைப்புக்கு இயைந்ததாக உள்ளது. கையில் பிடித்து விரைவாக ஆட்டி நகைச்சுவை விளைவிக்கும் மண்டிகர் மரபில், நுண்துளைகளைவிட வண்ணப் பரப்புகளே உருவத்தை அடையாளம் காட்டுகின்றன. தோலின் தன்மையும் விளக்கின் அமைப்பும் உரைப்பகுதியின் நீளமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. இவற்றுள் எது முன்னர்த் தோன்றியது என்பதை இவ்வொப்பீட்டால் மட்டும் முடிவு செய்ய இயலாது.

காஞ்சி வட்டாரத்திற்குத் திரும்புதல்

இவ்வளவுகோலைத் தொண்டை மண்டலத்துச் சான்றுகளை ஆராய்வோர் பயன்படுத்தலாம். ‘திரை கட்டி இரவில் கூத்தாடினர்’ என்ற தொடர் ஓர் ஓலையிலோ கோயிற் கணக்கிலோ கிடைப்பதாகக் கொள்வோம். தென் மாவட்ட வழக்கைக் கொண்டு அதனை நிழற்கூத்து எனக் கருதத் தோன்றும். ஆனால் காஞ்சி வட்டாரத்தில் திரை தெருக்கூத்தின் உறுப்பு என்பதால், அத்தொடர் தெருக்கூத்தைக் குறிக்கும் வாய்ப்பே மிகுதி. திரைக்குப் பின்னே விளக்கு இருந்ததென்றோ தோலுருவம் பயன்பட்டதென்றோ கூடுதல் குறிப்பு இருந்தால் மட்டுமே முடிவு மாறும்.

பழைய தோலுருவம் ஒன்று கிடைக்குமிடத்தும் இதே எச்சரிக்கை தேவை. அதனை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊடுருவும் தோலாயின் வண்ணம் பின்னொளியில் விளங்குகிறதா என்பதையும், ஊடுருவாத தோலாயின் துளைகளால் மட்டும் கண், அணி, ஆடை ஆகியவை விளங்குகின்றனவா என்பதையும் நோக்க வேண்டும். முன்னொளியில் மட்டுமே உருவம் பொருள்படுமாயின் அது திரைக்காகச் செய்யப்பட்டதாகக் கொள்ள முடியாது.

முடிவுரை

திருக்குறள் கயிற்றுப் பாவைக்கும், திருவாசகம் தோற்பாவைக்கும், சிலப்பதிகாரம் திரை, விளக்கு அமைப்புக்கும் சான்று தருகின்றன. இவற்றைக் கூட்டி நிழற்கூத்து என ஒரு முழுமையை அமைப்பது, வெவ்வேறு கலைகளின் உறுப்புகளை ஒரே உடலில் பொருத்துவதாகும். இதனால் நிழற்கூத்தின் தொன்மை மிகைப்படுகிறது. அதைவிட, பொம்மலாட்டமும் தெருக்கூத்தும் தமக்குரிய சான்றுகளை இழக்கின்றன. தோல், பின்னொளி, திரை ஆகிய மூன்றையும் தனித்தனியே வினவி, மூன்றும் கூடும் இடத்திலேயே நிழற்கூத்து எனப் பெயரிடுவது இம்மூன்று கலைகளின் வரலாற்றையும் தெளிவாக்கும்.