பாட்டியின் தங்கப் பத்திரத்தில் நாமினி மாமா: அம்மாவுக்குப் பங்கு உண்டா?

ஈப்போ புந்தோங்கில் ஒரு குடும்பம். அப்பா சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா தஞ்சாவூரில் இருந்து கல்யாணமாகி வந்தவர். சிவப்பு ஐசி, இன்னமும் இந்தியப் பாஸ்போர்ட். கடந்த ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பாட்டி இறந்துபோனார். காரியம் முடிந்து சில வாரத்தில் மாமா போன் பண்ணினார்: "அம்மா பேர்ல தங்கப் பத்திரம் இருக்கு. நாமினி நான்தான்."

அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாமினி என்றால் பணம் அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தக் குழப்பம் பல வீடுகளில் உண்டு.

ஏன் இந்தக் குழப்பம்?

நமக்குப் பழக்கமானது இபிஎஃப். அதில் முஸ்லிம் அல்லாத ஒருவர் நாமினி பெயர் எழுதிவைத்தால், அவர் இறந்த பிறகு அந்தப் பணம் நாமினிக்கே சொந்தம். வேறு யாருக்கும் பங்கு கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தியாவில் அப்படி இல்லை. அங்கே நாமினி என்பவர் பெரும்பாலும் பணத்தைக் கையில் வாங்கும் ஆள் மட்டுமே. அது யாருக்குச் சொந்தம் என்பதை உயில் முடிவு செய்யும். உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். தேசிய சேமிப்புப் பத்திர வழக்கில் 2000-ஆம் ஆண்டிலும், கம்பெனிப் பங்கு வழக்கில் 2023 டிசம்பரிலும் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

பாட்டி இந்து, கணவர் முன்பே இறந்துவிட்டார், உயிலும் எழுதவில்லை. அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மகள் கல்யாணமாகி ஈப்போவில் இருப்பதால் பங்கு குறையாது.

பாட்டியிடம் இருந்தது என்ன?

தங்கப் பத்திரம் என்பது இந்திய அரசுக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 2015 நவம்பரில் தொடங்கி, கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியில் வந்தது. கையில் நகை கிடையாது. இத்தனை கிராம் என்று ஒரு சான்றிதழ் மட்டும் இருக்கும், அல்லது டீமேட் கணக்கில் பதிவாகி இருக்கும். எட்டு ஆண்டு முடிந்ததும் அன்றைய தங்க விலைப்படி பணம் தருவார்கள். நடுவில் ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வரும்.

சான்றிதழ் தொலைந்துபோனாலும் பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டி கடைசி வெளியீட்டில், கிராம் 6,263 ரூபாய் விலையில் 20 கிராம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 1,25,260 ரூபாய். அப்படியானால் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் சுமார் 1,565 ரூபாய் வரவு விழுந்திருக்கும். தங்க விலை ஏறினாலும் இந்த வட்டி மாறாது, ஏனென்றால் போட்ட தொகைக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள்.

அதே பாஸ்புக்கில் ஜனவரி 1, ஜூலை 1 ஒட்டி இன்னொரு வரவு இருக்கிறதா என்றும் பாருங்க. இருந்தால் அது ரிசர்வ் வங்கியின் மிதவை வட்டி சேமிப்புப் பத்திரமாக இருக்கலாம். ஏழு ஆண்டுப் பத்திரம் அது. அதை யாருக்கும் விற்க முடியாது. வைத்திருந்தவர் இறந்தால் மட்டும் நாமினி அல்லது வாரிசு பெயருக்கு மாறும்.

மாமா என்ன செய்யவேண்டும்?

பாட்டி எந்த வங்கிக் கிளை அல்லது தபால் நிலையம் வழியாக வாங்கினாரோ, அங்கேயே போகவேண்டும். இறப்புச் சான்றிதழ், பத்திரச் சான்றிதழ், தன் அடையாள ஆவணங்கள், கோரிக்கைப் படிவம் எல்லாம் கொடுத்தால் பத்திரம் அவர் பெயருக்கு மாறும். டீமேட் கணக்கில் இருந்தால் அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனத்திடம் கேட்கவேண்டும்.

பெயர் மாறினாலும் தேதி மாறாது. இந்தப் பத்திரம் 2032 பிப்ரவரியில்தான் முதிர்வடையும். ஐந்து ஆண்டு முடிந்த பிறகு, அதாவது 2029 பிப்ரவரியில் இருந்து, வட்டி வரும் நாட்களில் முன்கூட்டியே பணமாக்கலாம்.

அதுவரை பத்திரம் மாமா பெயரில் இருக்கும். அதனால் பெயர் மாற்றும்போதே "20 கிராமில் பாதி தங்கைக்கு, வட்டியிலும் பாதி" என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. நாளைக்கு மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போய்விடும்.

நாமினி அம்மாவாக இருந்திருந்தால்?

வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தப் பத்திரத்தைப் புதிதாக வாங்க முடியாது. ஆனால் இறந்தவரின் நாமினி என்ற முறையில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ரிசர்வ் வங்கி இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறது. ஒன்று, முன்கூட்டியே பணமாக்கும் நாள் அல்லது முதிர்வு நாள் வரை வைத்திருக்கவேண்டும். இரண்டு, வட்டியையும் முதிர்வுப் பணத்தையும் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் அந்தப் பணத்தை நம்பி ஈப்போவில் வீட்டுக்கு முன்பணம் கட்டத் திட்டம் போடாதீங்க. மாமாவின் பாதியையும் அம்மா கொடுத்தாகவேண்டும்.

இந்த விதி இந்தியக் குடியுரிமை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது. அம்மா நீல ஐசி எடுத்துவிட்டார் என்றால், படிவம் நிரப்பும் முன் அந்த வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்க.

நாமினியே இல்லை என்றால்?

இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் தாசில்தார் கொடுப்பது வாரிசுச் சான்றிதழ். இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று மட்டும் அது சொல்லும். பத்திரத்தின் பணத்தை வாங்கும் அதிகாரத்தைத் தருவது இறங்குரிமைச் சான்றிதழ். அதை நீதிமன்றம்தான் கொடுக்கும். இரண்டு பெயரும் ஒன்றுபோலக் கேட்பதால், தாசில்தார் சான்றை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு. சிறு தொகைக்குச் சட்டத்தில் சுருக்கமான வழியும் இருக்கிறது. வழக்குப் போடும் முன் அதை வங்கியில் கேளுங்க.

நீதிமன்ற வேலைக்காக அம்மா நேரில் போக முடியாவிட்டால், மாமாவுக்கோ வழக்கறிஞருக்கோ அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அதற்குச் சான்றொப்பம் வாங்கலாம். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடவேண்டும்.

பாட்டியின் பணம் மலேசியாவில் இருந்தால்?

வழி வேறு. உயில் இல்லாமல், வீடு நிலம் எதுவும் இல்லாமல், வங்கிச் சேமிப்பு போன்ற அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகவில்லை என்றால், அமானா ராயா வழியாக முடிக்கலாம். தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பங்கு பிரிக்கும்.

தஞ்சாவூரில் தாத்தாவோ சித்தியோ இன்னும் பத்திரம் வைத்திருக்கிறார்களா? அடுத்த முறை வீடியோ காலில் மூன்று விஷயம் கேளுங்க: எந்தக் கிளையில் வாங்கியது, வட்டி எந்தக் கணக்குக்கு வருது, நாமினி யார். நாமினி பெயரை அவர்கள் உயிரோடு இருக்கும்போது மாற்றலாம். அதன் பிறகு முடியாது.