உழவாரம் ஏந்திய நாவுக்கரசர்

நம் ஜவ்வாது மலையில் பிறந்து கீழே இறங்கும் செய்யாறு, சமவெளியில் திருவோத்தூரைத் தொட்டுச் செல்கின்றது. திருநாவுக்கரசு நாயனார் திருவண்ணாமலையை வழிபட்டபின் தொண்டை நாட்டுக்கு வந்து, அத்திருவோத்தூரைப் பணிந்து, காஞ்சிக்குச் சென்றார் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். ஆகவே நம் மலையடிவார நாட்டில் நடந்து சென்ற ஒருவரைப் பற்றியே இன்று பேசுகின்றேன்.

உறுதியான பக்தி என்றால் ஒருபோதும் வழி மாறாமை என்று நீங்கள் எண்ணக்கூடும். நாவுக்கரசர் வரலாறு அப்படிப்பட்டதன்று. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்த அவர், சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்று நெடுங்காலம் இருந்தார். மாறாது நின்றவர் அவருடைய தமக்கையார் திலகவதியார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார், பெற்றோரும் மறைந்தனர். தம்பிக்காகவே உயிர் தாங்கிய அவ்வம்மையார், தம்பி அகன்றபின் திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் விடியுமுன் அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் தொடுத்து வந்தார். சூலை நோயால் துடித்த தம்பி திரும்பி வந்தபோது, அவரை ஏற்றுக் கோயிலுள் அழைத்துச் செல்ல ஒருவர் இருந்தார் அல்லவா? அந்த இருப்பே அவருக்குக் கரையாயிற்று.

பின்னர் நேர்ந்த சுண்ணாம்பு நீற்றறை, நஞ்சு, யானை, கடல் ஆகியவை நீங்கள் அறிந்தவை. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டதை நாயனாரே தம் பதிகத்தில் குறிப்பிடுகின்றார். அவரை வருத்திய பல்லவன் பின்னர்ச் சைவனாகி, அதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மன் பெயர்; அவன் வேற்றுநெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைத் திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டும் சுட்டுகின்றது. இவ்வரலாற்றைச் சொல்லி இன்றைய சமணரை வெறுத்தல் தகாது. நம் மலைக்குக் கிழக்கே, போளூரை அடுத்த திருமலையில், அவர்களுடைய பழங்கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

இனி அவர் கையில் இருந்த உழவாரத்தைப் பாருங்கள். நீண்ட காம்பில் அகன்ற தட்டை இரும்பு அலகு பொருத்தியது. திருச்சுற்றில் முளைக்கும் புல்லைத் தரையோடு செதுக்குவதற்கு உரியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் செதுக்கிய இடத்தில் சில நாளில் மீண்டும் புல் தலைகாட்டும். நாவுக்கரசர் தெரிந்தெடுத்த பணி, முடிந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாத பணி. திருவிழாப் பத்து நாளும் ஓடியாடிவிட்டுப் பதினோராம் நாள் காணாமற்போகும் அன்பர்களை நான் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கின்றேன். உழவாரத்துக்கு அந்தப் பதினோராம் நாளே நாள்.

அப்பணியின் மதிப்பைத் திருவீழிமிழலை நிகழ்ச்சி காட்டும். பஞ்சம் வந்தது. அடியார்க்கு அமுதளிக்க இறைவன் சம்பந்தருக்கும் நாவுக்கரசருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருளினார். நாவுக்கரசர் காசைக் கடைக்காரர் முழு மதிப்புக்குக் கொண்டனர். அவர் திருமடத்தில் உரிய நேரத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தர் காசுக்கோ வாசி கேட்டனர். காசின் தரக்குறைவுக்காகக் கழிக்கும் தொகைக்கு வாசி என்று பெயர். அந்த வழக்கில் பொழுது போகவே, அவர் மடத்தில் அமுது தாழ்த்தது. காரணம் வினவிய சம்பந்தருக்குக் கிடைத்த விடை, நாவுக்கரசர் கையினால் தொண்டு செய்பவர் என்பதே. ஞானப்பால் உண்ட பிள்ளையாரின் காசினும் புல் செதுக்கிய முதியவரின் காசு கடைவீதியில் உயர்ந்து நின்றதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. பிள்ளையாரும் பிணங்கவில்லை, பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார்.

முதுமையில் திருப்புகலூரில் அவருக்கு வேறொரு சோதனை வந்தது. உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் ஒளிர்ந்தன. நாயனார் அவற்றைப் பருக்கைக் கற்களோடு வேறுபாடின்றி வாரி, அருகிருந்த குளத்தில் எறிந்தார். தேவமகளிர் வந்து ஆடியும் பாடியும் சூழ்ந்தபோதும் அவர் சித்தம் திரியவில்லை. நீற்றறையில் வெம்மையை எதிர்த்து நின்றவர்க்கு இங்கே எதிர்ப்பதற்கு எவருமில்லை. கூலி போலத் தோன்றிய ஒன்று மட்டும் காலடியில் கிடந்தது. இதையே கடினமான சோதனையாக நான் கருதுகின்றேன். அவர் ஒரு சித்திரைச் சதய நாளில் அப்பதியிலேயே இறைவன் திருவடி அடைந்தார். அப்போது அகவை எண்பத்தொன்று என்பது வழிவழி வழக்கு. நம் கோயில்களில் அவர் திருவுருவம் இன்றும் தோளில் சாய்த்த உழவாரத்தோடுதான் நிற்கின்றது.