முகம் பார்க்கும் மாதம்

வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டத் தொடங்கினால் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம் முன்பே தயாராக இருக்கிறது. "குழந்தை முகம் பார்க்க ஆரம்பிச்சிடுச்சு இல்ல, இனிமே கொட்டத்தான் செய்யும்" என்பார்கள். என் தங்கைக்கும் அதையே சொன்னார்கள். சித்திரையில் பிள்ளை பெற்றாள். ஆடி பிறந்தபோது குளியலறைச் சல்லடையில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கவில்லை. குழந்தையின் விரலிடுக்கில் முடி, பால் புட்டியின் மூடியில் முடி. "அக்கா, மொட்டை ஆயிடுவேனா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆயா சிரித்தார். "உன் முகத்தப் பாத்துப் புள்ள சிரிக்குது, அதான் முடி போவுது. ஒரு வயசு ஆனா நின்னுடும், போ."

ஆயா சொன்ன காரணம் தவறு. ஆனால் அவர் சொன்ன காலக்கணக்கு சரி. குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டாம் மாதம் வாக்கில். அதை அடுத்த வாரங்களில்தான் பெரும்பாலானோருக்கு முடி கொட்டத் தொடங்குகிறது. நாட்காட்டி பார்க்காத பெண்கள், குழந்தையின் முகத்தையே நாட்காட்டியாக வைத்து இதைக் கவனித்துச் சொல்லிவந்திருக்கிறார்கள். மருத்துவம் இதை எண்ணிப் பார்த்தது மிகவும் தாமதமாகத்தான்.

1960இல் இவோன் லின்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், கர்ப்பிணிகளிடமும் பிள்ளை பெற்றவர்களிடமும் சில முடிகளை வேரோடு பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேரும், வளர்ச்சியை முடித்து ஓய்வில் இருக்கும் முடியின் வேரும் பார்வைக்கு வேறு வேறாக இருக்கும். ஓய்வு முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருக்கும். எந்த வேர் எத்தனை என்று எண்ணினால் தலையின் நிலை தெரிந்துவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நூற்றுக்குச் சுமார் 95 முடிகள் வளரும் நிலையில் இருந்தன. பிள்ளை பிறந்து சில வாரங்களில் அது முக்கால் பங்காக இறங்கியது. அடுத்த ஆண்டு, 1961இல், ஆல்பர்ட் கிளிக்மன் இந்த வகை உதிர்வுக்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயர் வைத்தார். ஓய்வு நிலை முடிகள் கூட்டமாக உதிர்வது என்று பொருள். நம் பெண்களுக்குத் தெரிந்திருந்த ஒன்றுக்கு இப்படிக் கிரேக்கமும் லத்தீனும் கலந்த ஒரு பெயர் வந்தது.

என் தங்கைக்கு நான் இதைக் கணக்காகத்தான் சொன்னேன். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி என்று வைத்துக்கொள். சாதாரண நாளில் அதில் பத்தில் ஒரு பங்கு, பத்தாயிரம் முடி, ஓய்வில் இருக்கும். ஓய்வுக்காலம் ஏறக்குறைய நூறு நாள். ஆக, ஒரு நாளைக்கு நூறு முடி உதிரும். அதை யாரும் கவனிப்பதில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உள்ளிட்ட ஹார்மோன்கள் ஏறி, முடிகளை வளரும் நிலையிலேயே பிடித்து வைக்கின்றன. ஓய்வில் ஐயாயிரம்தான் இருக்கும். நாளுக்கு ஐம்பதுதான் உதிரும். 'வயித்துல இருக்கறப்போ எவ்ளோ அடர்த்தியா இருந்துச்சு' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்கள் சில நாட்களில் இறங்கிவிடுகின்றன. பிடித்து வைத்திருந்த முடிகளெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. கால் பங்கு, அதாவது இருபத்தைந்தாயிரம் முடி ஓய்வில் இருந்தால், நூறு நாள் கழித்து நாளொன்றுக்கு இருநூற்றைம்பது கையோடு வரும். தலைக்குக் குளிக்கும் நாளில் இன்னும் அதிகம், ஏனென்றால் முந்தைய நாட்களுக்கு உரியதும் சேர்ந்து வரும்.

இந்தக் கணக்கில் இரண்டு ஆறுதல்கள் இருக்கின்றன. வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போவது பதினைந்தாயிரம்தான், நூற்றில் பதினைந்து பங்கு. நெற்றி ஓரம் மெலியும், பின்னல் ஒல்லியாகும். ஆனால் மொட்டை ஆகாது. அதோடு, இன்று கையில் வரும் முடி இன்று கெட்டுப்போன முடி அல்ல. அது மூன்று மாதத்துக்கு முன்பே விடைபெற்றுக்கொண்ட முடி. வேர்ப்பை அப்படியே இருக்கிறது, அதற்குள் புதிய முடி கிளம்பிவிட்டது. ஒரே கூட்டமாகக் கிளம்பியவை போய்ச் சேர்ந்ததும் உதிர்வு தானாக அடங்கும். பெரும்பாலானோருக்கு ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் இது நடக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய நீளம் வரக் கூடுதல் காலம் ஆகும். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்தாலும், கடையில் விற்கும் சீரத்தைப் பூசினாலும், ஓய்வுக்குப் போன முடியைத் திரும்ப அழைக்க முடியாது. பால் கொடுப்பதை நிறுத்தினால் முடி நிற்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

எல்லாப் பெண்களுக்கும் இப்படிக் கொட்டுவதில்லை. இதற்குக் காட்டப்படும் சான்றுகள் குறைவு என்று வாதிட்ட ஒரு கட்டுரை 2016இல் வந்தது. ஆகவே லின்ஃபீல்டின் எண்கள் எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். அவர் காட்டிய பாதை மட்டும் இன்றும் நிற்கிறது.

தங்கைக்கு நிம்மதி வந்தது. நானும் அத்துடன் விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

புரட்டாசியில் அவள் மறுபடியும் அம்பத்தூர் தையல் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். திரும்பி வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஐப்பசி மழைக்கு எல்லோரும் மின்விசிறி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் போர்வை கேட்டாள். மலச்சிக்கல், கரகரத்த குரல், வீங்கிய முகம். போன இடத்தில் மருத்துவர் ஏறெடுத்துப் பார்க்காமலேயே சொன்னார்: "குழந்த பொறந்தா சகஜம்மா. தூங்குங்க." தூங்கு என்றால் எப்போது? முடியைப் பற்றி 'சகஜம்' என்று சொன்ன அதே வாயால் அவளுடைய சோர்வுக்கும் 'சகஜம்' என்று சொல்லிவிட்டோம், ஆயாவும் மருத்துவரும் நானும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. 1948இல் நியூசிலாந்தின் பொது மருத்துவர் ஒருவர், எச்.இ.டபிள்யூ. ராபர்ட்டன், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பேற்றுக்குப் பின் வரும் சோர்வு, குளிர், முடி மாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் சேர்த்து, தைராய்டுச் சாறு கொடுத்தால் அவை சரியாவதை அதில் சொல்லியிருந்தார். தங்கள் உடம்பைப் பற்றிப் பெண்கள் சொன்னதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, தகவலாக எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டுரை பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1982இல் ஜப்பானின் நோபுயுகி அமினோவும் அவரது குழுவும், பேற்றுக்குப் பின் தைராய்டு தற்காலிகமாகக் கெடுவது அரிதல்ல, இருபதில் ஒரு பெண் அளவுக்கு நடக்கிறது என்று காட்டினார்கள். முதலில் படபடப்பும் வியர்வையும் வரலாம்; நான்காம் மாதத்துக்குப் பின் குளிரும் மந்தமும். பெரும்பாலோருக்கு ஓராண்டில் சரியாகும். சிலருக்கு ஆகாது, அவர்கள் மாத்திரையைத் தொடர வேண்டும்.

சோர்வுக்கு இன்னொரு காரணம் ரத்தம். அதன் வரலாறு சென்னையிலேயே நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய வந்தவர், 1931இன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்த்ததை அதே ஆண்டு எழுதினார். அந்தச் சாற்றில் இருந்ததைப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் அதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். பேற்றில் போன ரத்தம் எளிதில் திரும்புவதில்லை. அந்தக் குறை முடி உதிர்வையும் நீட்டலாம்.

ஆனால் அந்த 180 நாளில் யார் வந்து கேட்கிறார்கள்? செவிலியரின் வருகை பெரும்பாலும் 42ஆம் நாளோடு முடிகிறது. பச்சை உடம்பு என்று நம் வீடுகளில் தரும் சலுகையும் ஏறக்குறைய நாற்பது நாளோடு முடிகிறது. கிளிக்மன் பெயர் வைத்த அதே 1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டம் மொத்தம் பன்னிரண்டு வாரம் தந்தது. 2017 திருத்தம் அதை முதலிரண்டு பேறுகளுக்கு இருபத்தாறாக்கியது. ஆனால் சட்டம் எட்டாத வேலைகளில் இருக்கும் பெண்களே அதிகம். உடம்பின் கணக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. கவனிப்பு அதற்கு முன்பே விலகிவிடுகிறது. 'சகஜம்' என்ற சொல் அந்த இடைவெளியை மூடிவைக்கிறது.

நாங்கள் இரண்டு ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்கினோம்: ஹீமோகுளோபின், டி.எஸ்.ஹெச். ஹீமோகுளோபின் 9.4. பன்னிரண்டுக்குக் குறைந்தால் சோகை. டி.எஸ்.ஹெச். மிக அதிகமாக இருந்தது, அதாவது தைராய்டு மந்தம். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. நான்கு மணி நேரம் கழித்துத்தான் இரும்புச்சத்து மாத்திரை, இல்லையென்றால் ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையோடு டீ கூடாது. மாசிக்குள் அவள் வாசற்படியில் உட்காருவது நின்றது. ஓராண்டுக்குப் பின் மருத்துவர் மாத்திரையைக் குறைத்து மறுபடியும் பரிசோதித்தார். தைராய்டு தானாகவே நின்றது.

முடி? வட்டமாக உதிர்ந்தாலோ, தலை அரித்துச் செதில் விட்டாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, ஓராண்டு தாண்டியும் நிற்காவிட்டாலோ காட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. எட்டாம் மாதத்தில் அவளுடைய நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. எந்த எண்ணெய்க்கும் படியவில்லை. அதைப் பார்த்த ஆயா, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல" என்றார்.

முடி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.